அபாகஸில் ஒவ்வொரு இடமாகக் கூட்டும்போது மீதி எங்கே போகிறது

கேள்வி: ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிய ஐந்தாறு எண்களை அபாகஸில் ஒவ்வொரு இடமாக எப்படிக் கூட்டுவது? பேப்பரில் செய்வது போல ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கலாமா, இல்லை இடது பக்கத்திலிருந்துதான் போகணுமா? மீதி வரும் இடத்தில்தான் எனக்குக் குழம்புகிறது.

பதில்:

தாராளமாக ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கலாம். இடது பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது. மீதியைப் பொறுத்தவரை, அதை நீங்கள் தலையில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். வந்த நொடியிலேயே இடது பக்கத்துக் கம்பியில் ஒரு மணியாக ஏற்றிவிட வேண்டும். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பேப்பரில் ஒரு வரிசை முழுவதையும் கூட்டி முடித்துவிட்டு, "29, ஒன்பது போட்டு மீதி 2" என்று ஒரே தடவையாக மீதியை எடுத்துப் போவோம். அபாகஸில் அந்த 2 ஒன்றாகச் சேர்ந்து வராது. கூட்டிக்கொண்டே போகும்போது நடுவில் இரண்டு வெவ்வேறு சமயங்களில் ஒவ்வொன்றாக வந்து பத்தாம் இடத்தில் தானே உட்கார்ந்திருக்கும். வரிசை முடியும்போது தனியாக எடுத்துப் போக எதுவும் மிச்சம் இருக்காது.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் சரி என்பதற்கும் காரணம் இதுவே. பேப்பரில் விடையின் ஒரு இலக்கத்தை எழுதிவிட்டால் அது எழுதியதுதான், பிறகு மாற்ற வேண்டுமென்றால் அழிக்க வேண்டும். அதனால் மீதி வந்து சேர்ந்த பிறகே ஒரு இலக்கத்தை எழுத முடியும், வலமிருந்து இடமாகத்தான் போக முடியும். அபாகஸின் கம்பியில் இருக்கும் இலக்கம் அப்படி முடிந்துபோனது அல்ல. எப்போது வேண்டுமானாலும் அதில் ஒன்று கூடலாம்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது வகுப்புகளில் பரவலாகப் பயன்படுவது ஜப்பானிய சொரோபான் வகை: ஒவ்வொரு கம்பியிலும் நடுப்பட்டைக்கு மேலே ஒரு மணி, கீழே நான்கு மணிகள். மேல்மணி 5, கீழ்மணி ஒவ்வொன்றும் 1. நடுப்பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மணிகளை மட்டுமே எண்ண வேண்டும். மேல்மணி மேலேயும் கீழ்மணிகள் கீழேயும் ஒதுங்கியிருந்தால் அந்தக் கம்பி பூஜ்யம். மேல்மணி இறங்கி, கீழ்மணி இரண்டு ஏறியிருந்தால் 7. ஐந்து மணிகளும் பட்டையைத் தொட்டால் 9. அதற்கு மேல் ஒரு கம்பியில் இடமில்லை. நடுப்பட்டையில் மூன்று கம்பிக்கு ஒன்றாகப் புள்ளி வைத்திருப்பார்கள். அப்படிப் புள்ளி உள்ள ஒரு கம்பியை ஒன்றாம் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடது பக்கத்தில் விடைக்குத் தேவையான கம்பிகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விரல் பழக்கம் ஒன்றும் உண்டு. கீழ்மணிகளை மேலே தள்ளுவதற்குக் கட்டைவிரல். கீழ்மணியை இறக்குவது, மேல்மணியை ஏற்றுவது இறக்குவது எல்லாம் ஆள்காட்டி விரல். ஆரம்பத்தில் இது தேவையில்லாத கெடுபிடி போலத் தோன்றும். ஆனால் ஒரே விரலால் எல்லாவற்றையும் தள்ளினால், நகம் பக்கத்து மணியில் பட்டு அதுவும் நகர்ந்துவிடும். கணக்கு சரியாகப் போட்டும் விடை ஒன்று கூடக்குறைய வந்தால், காரணம் பல நேரம் இதுவாக இருக்கும்.

இனி கூட்டல். ஒரு கம்பியில் ஒரு இலக்கத்தைச் சேர்க்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயங்கள்: கம்பியில் இப்போது என்ன இருக்கிறது, சேர்க்க வேண்டிய இலக்கம் என்ன. மணிகள் போதுமான அளவு ஒதுங்கிக் கிடந்தால் நேரடியாகச் சேர்த்துவிடலாம். கம்பியில் 2 இருக்கிறது, 7 சேர்க்க வேண்டும் என்றால் மேல்மணியை இறக்கி, கீழ்மணி இரண்டை ஏற்றினால் 9.

கம்பியில் இடம் இருக்கிறது, ஆனால் கீழ்மணி போதவில்லை என்றால், மேல்மணியின் உதவி வேண்டும். 4 இருக்கும் கம்பியில் 3 சேர்க்க வேண்டும். கீழ்மணி நான்கும் ஏற்கெனவே மேலே போய்விட்டன. எனவே 5-ஐ இறக்கி, அதிகமாகச் சேர்த்துவிட்ட 2-ஐக் கீழே தள்ளுகிறோம். இதற்கு நினைவில் வேண்டியது 5-க்கு எதனோடு எது ஜோடி என்பதுதான்: 1-க்கு 4, 2-க்கு 3.

கம்பியில் இடமே இல்லை, கூட்டினால் 9-ஐத் தாண்டும் என்றால், 10-க்கான ஜோடியைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, இடது கம்பியில் 1 ஏற்ற வேண்டும். 9 சேர்க்க 1-ஐ எடு, 8 சேர்க்க 2-ஐ எடு, 7-க்கு 3, 6-க்கு 4, 5-க்கு 5. அபாகஸ் வகுப்புக்குப் போகும் குழந்தைகள் இந்த ஜோடிகளைச் சின்ன நண்பன், பெரிய நண்பன் என்று சொல்வார்கள்; ஐந்துக்கானது சின்ன நண்பன், பத்துக்கானது பெரிய நண்பன்.

இதில் ஒரு கடினமான இடம் இருக்கிறது. எடுக்க வேண்டிய ஜோடியே கீழ்மணிகளில் இல்லாமல் போகலாம். கம்பியில் 8, சேர்க்க வேண்டியது 6. 4-ஐ எடுக்க வேண்டும், ஆனால் மேலே ஏறியிருக்கும் கீழ்மணி மூன்றுதான். அப்போது 5-ஐ எடுத்துவிட்டு 1-ஐச் சேர்க்க வேண்டும், பிறகு இடது கம்பியில் 1. இதை நினைவில் வைக்க எளிய வழி, சேர்க்கும் இலக்கத்தை 5-லிருந்து பிரித்துப் பார்ப்பது. 6 என்பது 5-உம் 1-உம். எனவே கீழ்மணி 1 ஏறும், மேல்மணி விலகும், இடது கம்பிக்கு 1. 7 என்றால் கீழ்மணி 2 ஏறும், 8 என்றால் 3, 9 என்றால் 4. மற்ற இரண்டு அசைவுகளும் மாறாது. 6-க்கு இது கம்பியில் 5 முதல் 8 வரை இருக்கும்போது வரும். 7-க்கு 5 முதல் 7 வரை, 8-க்கு 5 அல்லது 6, 9-க்கு 5 இருந்தால் மட்டும். எல்லாச் சேர்க்கைகளிலும் இந்தப் பத்து மட்டுமே இப்படி மூன்று அசைவு கேட்பவை, தடுமாறுபவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் தடுமாறுகிறார்கள்.

மீதி ஏற்றும்போது எதை முதலில் செய்வது? முதலில் நீங்கள் இருக்கும் கம்பியில் ஜோடியை எடுங்கள், பிறகு இடது கம்பியில் 1 ஏற்றுங்கள். கூட்டலுக்கு ஜப்பானிய முறை இதுதான். (கழித்தலில் தலைகீழ்: முதலில் இடது கம்பியில் 1-ஐ எடுத்துவிட்டு, பிறகு ஜோடியைச் சேர்ப்பார்கள்.) இடது கம்பிக்கு முதலில் போய் 1 ஏற்றிவிட்டு வந்தால், இங்கே ஜோடியை எடுத்தோமா இல்லையா என்பதே மறந்துபோகும். கையில் உள்ள கம்பியை முடித்துவிட்டுப் போனால் அந்தச் சந்தேகம் வராது.

சரி, ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் அபாகஸ் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே நகர்த்துங்கள்.

478
256
893
147
365

ஒன்றாம் இடத்தில் தொடங்குகிறோம். மேலிருந்து கீழாக 8, 6, 3, 7, 5. எல்லாக் கம்பியும் பூஜ்யம்.

8 வைக்கிறோம்: மேல்மணி கீழே, கீழ்மணி மூன்று மேலே. அடுத்து 6. இப்போதுதான் பார்த்த அதே நிலை: கீழ்மணி ஒன்று ஏறுகிறது, மேல்மணி விலகுகிறது, ஒன்றாம் கம்பியில் 4 நிற்கிறது. பத்தாம் கம்பியில் 1 ஏற்றுகிறோம். அபாகஸ் இப்போது 14 காட்டுகிறது. அடுத்து 3. கம்பியில் 4 இருக்கிறது, கீழ்மணி எதுவும் ஒதுங்கி இல்லை, எனவே 5 இறங்கி 2 விலகுகிறது: 7. மொத்தம் 17. அடுத்து 7. 7-உம் 7-உம் இடம் கொள்ளாது. ஜோடி 3, ஆனால் ஏறியிருக்கும் கீழ்மணி இரண்டுதான். எனவே கீழ்மணி 2 ஏறுகிறது, மேல்மணி விலகுகிறது, கம்பியில் 4. பத்தாம் கம்பியில் இன்னொரு 1. மொத்தம் 24. கடைசியாக 5: மேல்மணி ஒதுங்கித்தான் இருக்கிறது, இறக்கினால் போதும். ஒன்றாம் கம்பியில் 9, பத்தாம் கம்பியில் 2. பேப்பரில் "மீதி 2" என்று சொல்லியிருப்போமே, அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒன்றாம் கம்பியை இனி தொட வேண்டியதில்லை. கையைப் பத்தாம் கம்பிக்கு நகர்த்துகிறோம். இங்கே இலக்கங்கள் 7, 5, 9, 4, 6. கம்பியில் 2 இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அதன் மேலேயே கூட்ட வேண்டும்.

7: 2-உடன் நேரடியாகச் சேர்கிறது, 9. 5: இடமில்லை, ஜோடி 5-தான், எனவே மேல்மணி விலகிக் கம்பியில் 4, நூறாம் கம்பியில் 1. 9: ஜோடி 1-ஐ எடுத்தால் 3, நூறாம் கம்பியில் 2 ஆகிறது. 4: கம்பியில் 3 இருக்கிறது, ஒதுங்கிய கீழ்மணி ஒன்றே ஒன்று, எனவே 5 இறங்கி 1 விலக, 7. 6: மறுபடி மூன்று அசைவுக் கணக்கு, கீழ்மணி 1 ஏற, மேல்மணி விலக, கம்பியில் 3, நூறாம் கம்பியில் 3. இந்தக் கட்டத்தில் அபாகஸ் 339 காட்ட வேண்டும். வேறு எண் தெரிந்தால் இங்கேயே நின்று, பத்தாம் இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். ஒன்றாம் கம்பியில் 9 இருந்தால் அந்த வரிசையின் கடைசி இலக்கமாவது சரி.

நூறாம் இடம்: 4, 2, 8, 1, 3. கம்பியில் 3 இருக்கிறது. 4 சேர்க்க 5 இறங்கி 1 விலகுகிறது: 7. 2 நேரடியாக: 9. 8-க்கு ஜோடி 2-ஐ எடுக்க 7, ஆயிரமாம் கம்பியில் 1. 1 நேரடியாக: 8. கடைசி 3-க்கு ஜோடி 7. மேல்மணியும் கீழ்மணி இரண்டும் ஒன்றாக விலக, கம்பியில் 1, ஆயிரமாம் கம்பியில் 2. விடை 2139.

இந்தக் கணக்கு முழுவதிலும் நீங்கள் தலையில் எதையும் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். "8-உம் 6-உம் 14" என்று மனதில் கணக்கிட்டு, பிறகு 14-ஐ அபாகஸில் எழுதுவது ஒரு வழி, புதிதாகக் கற்பவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் அபாகஸ் வெறும் எழுதுபலகை ஆகிவிடுகிறது, நீண்ட கணக்கில் மனம் சோர்ந்து தப்பு விழுகிறது. 6 வந்தால், கம்பியின் நிலையைப் பார்த்துக் கை தானாக நகர வேண்டும். விடை என்ன என்பதைக் கடைசியில் மணிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும்.

இப்போது இதே கணக்கை இடது பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நூறாம் இடத்து இலக்கங்களை முதலில் கூட்டினால் 18 நூறுகள்: ஆயிரமாம் கம்பியில் 1, நூறாம் கம்பியில் 8. அடுத்துப் பத்தாம் இடம். 7 வைக்கிறோம். 5 சேர்க்கும்போது கம்பியில் 2, மீதி 1 நூறாம் கம்பிக்குப் போகிறது, அங்கே 9. அடுத்து 9 சேர்க்க வேண்டும். ஜோடி 1-ஐ எடுத்தால் கம்பியில் 1, நூறாம் கம்பியில் 1 ஏற்றப் போகிறோம், ஆனால் அங்கே 9 நிரம்பியிருக்கிறது. 1-க்கு ஜோடி 9. எனவே நூறாம் கம்பியின் ஐந்து மணிகளையும் விலக்கி, அதற்கும் இடப்பக்கம் ஆயிரமாம் கம்பியில் 1 ஏற்ற வேண்டும். ஆயிரம் 2, நூறு 0, பத்து 1. மிச்சம் உள்ள 4, 6 ஆகியவற்றையும் சேர்த்தால் 2110. பிறகு ஒன்றாம் இடத்தின் ஐந்து இலக்கங்களையும் சேர்க்க, வழியில் இரண்டு மீதிகள் பத்தாம் கம்பிக்குப் போய், அதே 2139.

மீதி இப்படி 9-இல் போய் முட்டி, இன்னும் ஒரு கம்பி தள்ளிப் போவதை ஓடும் மீதி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 9-கள் வரிசையாக இருந்தால் எத்தனை கம்பி வேண்டுமானாலும் அது ஓடும்: எல்லா 9-களும் பூஜ்யமாகி, 9 அல்லாத முதல் கம்பியில் 1 ஏறும். புரிந்துகொள்ளக் கடினமில்லை, ஆனால் அவசரத்தில் 9-ஐ விலக்கிவிட்டு அடுத்த கம்பியில் 1 ஏற்ற மறப்பது மிகச் சாதாரணம்.

வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இடமாகக் கூட்டினால், பட்டியலில் 10 எண்களோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்வரை ஓடும் மீதி வரவே வராது. ஏன் என்று பார்ப்போம். நீங்கள் ஒன்றாம் இடத்தைக் கூட்டும்போது பத்தாம் கம்பி காலியாக இருக்கிறது. பத்து இலக்கங்களும் 9 என்றாலும் மொத்தம் 90, பத்தாம் கம்பியில் 9-க்கு மேல் ஏறாது. அடுத்து பத்தாம் இடத்தைக் கூட்டும்போது அதே போல அதிகபட்சம் 90, அதோடு ஏற்கெனவே வந்திருக்கும் 9, ஆக 99; நூறாம் கம்பியிலும் 9-க்கு மேல் போகாது. இடதுபுறம் எத்தனை இடம் போனாலும் இதே கதை. பதினோராவது எண் சேர்ந்தால் இந்த உத்தரவாதம் போய்விடும், 99-உம் 9-உம் 108 ஆகிவிடும். ஆனால் இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால், நாம் பார்த்தபடி, ஐந்தே எண்களில் ஓடும் மீதி வந்துவிட்டது, ஏனென்றால் அங்கே மீதி போய் ஏறும் கம்பி முன்பே நிரம்பியிருக்கிறது. அதனால் புதிதாகக் கற்பவருக்கு, இடம் இடமாகக் கூட்டுவதென்றால் ஒன்றாம் இடத்திலிருந்தே தொடங்கச் சொல்வேன். உங்கள் கேள்வியில் இருக்கும் ஐந்தாறு எண்களுக்கு மீதி எப்போதும் ஒரே ஒரு கம்பிதான் நகரும்.

ஆனால் தேர்ந்தவர்கள் இப்படி இடம் இடமாகக் கூட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் எண் எண்ணாகக் கூட்டுவார்கள்: 478-ஐ முழுதாக வைத்துவிட்டு, 256-ஐ அதன் மேல் 2, 5, 6 என்று இடமிருந்து வலமாகச் சேர்ப்பார்கள். அது 734 ஆகும். அதன் மேல் 893, 1627. பிறகு 147, 1774. கடைசியாக 365, 2139. ஜப்பானில் எண்களை ஒருவர் வாசிக்க மற்றவர் கூட்டும் பயிற்சி உண்டு, அதற்கு யோமியாகெசான் என்று பெயர். எண் காதில் விழும்போது நூறு முதலில்தானே விழுகிறது? கேட்கும் வரிசையிலேயே கையும் நகர முடிகிறது. தாளில் பார்த்துக் கூட்டும் மித்தோரிசான் பயிற்சியிலும் ஒவ்வொரு எண்ணாகவே, இடமிருந்து வலமாகவே போகிறார்கள். ஓர் எண்ணை ஒரே பார்வையில் எடுத்து, கண்ணைத் தாளிலிருந்து மணிக்கு ஒரு தடவை மட்டும் நகர்த்தினால் போதும். இடம் இடமாகப் போனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் கண் தாளுக்கும் மணிக்கும் போய் வர வேண்டும்.

அதற்காக இடம் இடமாகக் கூட்டுவது வீண் என்று நான் நினைக்கவில்லை. கை ஒரே கம்பியில் நிற்கிறது, மீதி ஒரே திசையில் ஒரே ஒரு கம்பி போகிறது, எனவே ஜோடிகளைப் பழக அது நல்ல களம். இன்னொரு நல்ல பயன், சரிபார்ப்பது. எண் எண்ணாகக் கூட்டிய பட்டியலை மறுபடி அதே போலக் கூட்டினால், அதே இடத்தில் அதே தப்பைக் கை மறுபடி செய்யும் வாய்ப்பு அதிகம். இடம் இடமாகக் கூட்டினால் ஒவ்வொரு கம்பியும் கடந்துபோகும் நிலைகளே வேறு. நம் கணக்கில் ஒன்றாம் கம்பி இரண்டு முறையிலும் 8, 4, 7, 4, 9 என்றுதான் போகிறது, ஏனென்றால் அதற்கு வலப்பக்கத்திலிருந்து எதுவும் வருவதில்லை. ஆனால் பத்தாம் கம்பியும் நூறாம் கம்பியும் வேறு வேறு நிலைகளைக் கடந்து அதே 3-க்கும் 1-க்கும் வந்து சேர்கின்றன. ஆக, ஒன்றாம் இடத்தை மட்டும் சரிபார்க்கும்போது கீழிருந்து மேலாகக் கூட்டுங்கள், அங்கேயும் நிலைகள் மாறிவிடும்.

இடம் இடமாகக் கூட்டும்போது கண்ணுக்கு ஒரு துணை வேண்டும். எண்களின் வலது ஓரம் நேராக இருக்க வேண்டும், 47-உம் 1365-உம் ஒரே பட்டியலில் இருந்தால் 7-உம் 5-உம் ஒரே கோட்டில். தசமம் இருந்தால் புள்ளிகள் ஒரே கோட்டில். கூட்டி முடித்த வரிசைகளை ஒரு தாளால் மூடிக்கொண்டே போங்கள். மணி நகர்த்தும் கை எந்தக் கையோ, அதற்கு மற்ற கையின் விரல் பட்டியலில் இலக்கத்தைத் தொட்டுக்கொண்டே இறங்கட்டும். பூஜ்யம் வந்தால் மணி நகராது, விரல் மட்டும் இறங்கும்.

உங்களிடம் இருப்பது சீன சுவான்பான் வகையாக இருந்தால், மேலே இரண்டு மணி, கீழே ஐந்து மணி இருக்கும். அதில் ஒரு கம்பியில் 15 வரை தற்காலிகமாக வைக்க இடம் உண்டு, எனவே மீதியை உடனே ஏற்றாமல் கொஞ்சம் தள்ளிப்போடலாம். தொடக்கத்தில் அப்படிச் செய்யாமல், சொரோபான் போலவே ஒரு மேல்மணி, நான்கு கீழ்மணி மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டு பழகினால், மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும். கம்பிக்குப் பத்து மணி உள்ள ரஷ்ய வகையில் 5-க்கான ஜோடி வேலையே இல்லை, 10-க்கான ஜோடி மட்டும்தான்.

இரண்டு தடவை கூட்டி இரண்டு விடைகள் வந்தால், உடனே மூன்றாவது தடவை கூட்டத் தொடங்காதீர்கள். முதலில் அந்த இரண்டு விடைகளின் வித்தியாசத்தைப் பாருங்கள், எங்கே தப்பு என்று அதுவே சொல்லும்.

வித்தியாசம் 10, 100, 1000 என்று ஒரே ஒரு 1-ஆக இருந்தால், ஒரு மீதி விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு தடவை ஏறியிருக்கிறது. 2139-க்குப் பதில் 2039 வந்தால், பத்தாம் இடத்தில் 5, 9, 6 மூன்றும் நூறாம் கம்பிக்கு மீதி அனுப்பியவை. அவற்றில் ஒன்று போய்ச் சேரவில்லை. வித்தியாசம் 5, 50, 500 என்றால், பெரும்பாலும் மேல்மணி விலகாமல் நின்றுவிட்டது. 8-உடன் 6 சேர்க்கும்போது கீழ்மணியை ஏற்றி, மீதியையும் ஏற்றி, மேல்மணியை மட்டும் விலக்க மறந்தால் 14-க்குப் பதில் 19 வரும், கடைசி விடை 2144 ஆகும். வித்தியாசம் 2, 4, 6, 8 போன்ற சின்ன இரட்டை எண்ணாக இருந்தால், ஜோடிக்குப் பதில் அந்த இலக்கத்தையே எடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். 6 சேர்க்கும்போது 4-ஐ எடுப்பதற்குப் பதில் 6-ஐ எடுத்தால் 2 குறையும், 8 சேர்க்க 2-க்குப் பதில் 8-ஐ எடுத்தால் 6 குறையும். பத்தாம் கம்பியில் அப்படி நடந்தால் 20, 60.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் அது வேறு வகைத் தப்பு: ஏதோ ஒரு இலக்கம் தவறான கம்பியில் போயிருக்கிறது, அல்லது ஓர் எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிப் படிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றாம் இடத்து 3-ஐப் பத்தாம் கம்பியில் சேர்த்துவிட்டால் 3-க்குப் பதில் 30, வித்தியாசம் 27. 147-ஐ 174 என்று படித்தாலும் 27. இரண்டில் எது என்பதைப் பட்டியலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் பழைய முறை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் நம் பட்டியலில் 1, 4, 2, 3, 5. மொத்தம் 15, அதாவது 6. விடை 2139-இன் இலக்கங்கள் 2, 1, 3, 9. அதுவும் 15, அதுவும் 6. இந்தச் சோதனை விட்டுப்போன மீதியையும் மேல்மணித் தப்பையும் பிடித்துவிடும். ஆனால் தவறான கம்பியில் இலக்கம் போன தப்பை இது பிடிக்கவே பிடிக்காது, ஏனென்றால் அந்தத் தப்பின் அளவு எப்போதும் 9-இன் மடங்கு, இந்தச் சோதனைக்கு 9-இன் மடங்கு கண்ணுக்கே தெரியாது. கம்பி மாறும் தப்பு உங்களுக்கு அடிக்கடி வருகிறதென்றால் இந்தச் சோதனையை நம்பி நிற்காமல், பட்டியலை இன்னொரு முறையில் மறுபடி கூட்டிப் பார்ப்பதுதான் வழி. அதோடு, ஓர் இடத்தை முடித்து அடுத்த இடத்துக்குப் போகும்போது, கைக்கு அடியில் இருக்கும் கம்பி எது என்பதைப் பட்டையில் உள்ள புள்ளியிலிருந்து ஒரு தடவை எண்ணிவிட்டு, அதன் பிறகு முதல் இலக்கத்தைச் சேருங்கள்.